தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய், மூன்று கை மாறினால் 24,000 ஆகுமா? பெருக்கிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தக் காலத்துக்காக மீனவக் குடும்பத்துக்குத் தமிழக அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். இதை வைத்துப் பலர் ஒரு கணக்குச் சொல்வார்கள்: அந்தப் பணம் மளிகைக் கடைக்குப் போனது, கடைக்காரரிடமிருந்து மொத்த வியாபாரிக்குப் போனது, மூன்று கை மாறியதால் அரசு கொடுத்த 8,000 இப்போது 24,000 ரூபாய் வருமானம். அரசுச் செலவு தன் அளவைவிட அதிக வருமானத்தை உண்டாக்க முடியும் என்பது உண்மைதான். ஒரு ரூபாய்ச் செலவு எத்தனை ரூபாய் வருமானமாகிறது என்ற விகிதத்துக்குப் பொருளாதாரத்தில் பெருக்கி என்று பெயர். ஆனால் இந்தக் கணக்கு பல இடங்களில் இடறுகிறது.

முதல் இடறல், கை மாறிய தொகையையெல்லாம் வருமானம் என்று கூட்டுவது. ராமேஸ்வரத்தில் ஒரு குடும்பம் 1,000 ரூபாய்க்குப் பருப்பும் எண்ணெயும் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு விருதுநகர் மொத்த வியாபாரியிடமிருந்து வந்தது. கொள்முதல் விலை 880 ரூபாய் என்றால், அது அப்படியே ஊரைவிட்டுக் கிளம்பிவிடும். கடைக்காரரின் லாபம், கடைப் பையனின் சம்பளம், வாடகை எல்லாம் மீதி 120 ரூபாய்க்குள்தான். ராமேஸ்வரத்தில் உண்டான வருமானமும் அந்த 120 மட்டுமே. அதே 1,000 ரூபாய்க்கு நாட்டுப்படகு மீன் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. டீசல், ஐஸ், வலைத் தேய்மானம் போக மிச்சம் படகில் போனவர்களின் பங்காகவும் மீன் விற்கும் பெண்ணின் கூலியாகவும் ஊரிலேயே நிற்கும். அது 650, 700 ரூபாய்கூட இருக்கலாம். கடைக்காரரின் விற்பனை கூடியதைக் காட்டி வருமானம் கூடியது என்று சொல்லும் எந்த அறிக்கையையும் இந்த இடத்தில்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

அப்படியானால் பெருக்கம் எங்கிருந்து வருகிறது? ஒருவரின் செலவு இன்னொருவரின் வருமானம் என்பதிலிருந்து. அரசு ஒரு கண்மாயைத் தூர்வாரச் சொல்லி 100 ரூபாய் கூலி கொடுக்கிறது. அதில் 20 ரூபாய் சேமிப்புக்கும் கடனுக்கும் போகிறது, 5 ரூபாய் வரியாகப் போகிறது, 45 ரூபாய் வெளியூர்ச் சரக்குக்குப் போகிறது என்று கொள்வோம் (எளிமைக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை). மீதி 30 ரூபாய் மாவட்டத்துக்குள் யாரோ ஒருவரின் வருமானமாகிறது. அவரும் இதே விகிதத்தில் செலவழித்தால் அடுத்தவருக்கு 9 ரூபாய், அதற்கடுத்தவருக்கு 2.70, பிறகு 81 காசு. எல்லாம் சேர்த்தால் 1/(1 − 0.3), அதாவது சுமார் 1.43. நூறு ரூபாய்ச் செலவு 143 ரூபாய் வருமானமாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பகுதி கசிந்துவிடுவதால் ஐந்தாறு சுற்றிலேயே வரிசை அடங்கிவிடும். பெருக்கியின் அளவைத் தீர்மானிப்பது கசிவுதான். சுற்றுகளின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வதில் பொருளில்லை.

கசிவு எவ்வளவு என்பது எல்லைக்கோட்டை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்தது. மாவட்டக் கணக்கில் விருதுநகர்ச் சரக்கு கசிவு. மாநிலக் கணக்கில் அதுவே உள்ளூர் வருமானம். வெளியே போகும் 45 ரூபாயில் 25 தமிழ்நாட்டுக்குள்ளேயே நிற்கிறது என்றால், மாநிலத்துக்குள் தங்குவது 55 ரூபாய், பெருக்கி 2.22. ஒரே செலவு, இரண்டு எண், இரண்டும் சரி. மாநில எண்ணை எடுத்து மாவட்டத்தின் மேல் ஒட்டுவதுதான் தவறு. 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு 550 கோடி ரூபாய்க்கு மேல் ஆனது. அதை அப்படியே 1.43-ஆல் பெருக்கி ராமநாதபுரத்தின் வருமானம் என்று எழுதினால் அபத்தமாகிவிடும். இரும்பு இந்த மாவட்டத்தில் உற்பத்தியாவதில்லை, அதனால் முதல் சுற்றிலேயே பெருந்தொகை வெளியே போய்விடுகிறது. உள்ளூரில் கொடுத்த கூலி, வாடகை, சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, அவை தந்த உள்ளூர் வருமானத்தை மட்டுமே பெருக்க வேண்டும்.

இனி நிவாரணத்துக்கே வருவோம். கூலியையும் நிவாரணத்தையும் ஒரே பெருக்கியால் பெருக்குவது படித்தவர்களும் செய்யும் தவறு. கண்மாய் வேலைக்கு 8,000 ரூபாய் கூலி கொடுத்தால் ஒரு வேலை நடந்திருக்கிறது. அந்த 8,000-மே உற்பத்தியால் வந்த வருமானம். பின்சுற்றுகளில் 3,429 சேர்ந்து மொத்தம் 11,429. நிவாரணமாகக் கொடுத்தால் அரசு எந்தப் பொருளையும் வேலையையும் வாங்கவில்லை. பணம் வரி கட்டியவர் பையிலிருந்து மீனவர் பைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. உற்பத்தி தொடங்குவது குடும்பம் அதைச் செலவழிக்கும்போதுதான். ஆகவே புதிதாக உண்டான வருமானம் 3,429 மட்டும், பெருக்கி 0.43. இந்த எளிய மாதிரியில் இரண்டுக்கும் வித்தியாசம் எப்போதும் சரியாக 1. இந்தியாவுக்காக தேசிய பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனம் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் மூலதனச் செலவின் பெருக்கி 2.45, நிவாரணம் போன்ற மாற்றுத்தொகைகளுக்கு 0.98. நிவாரணம் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. தொழில் நின்ற குடும்பத்தின் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகக் கொடுக்கும் பணத்தைப் பெருக்கியை வைத்து நியாயப்படுத்தப் போனால்தான் சிக்கல்.

பணம் எப்போது வருகிறது என்பதையும் கவனிக்காமல் விடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் வந்தால் மே மாதச் சாமான் வாங்கப் போகும். ஜூனில் வந்தால் கடைப் பற்றை அடைக்கவும் அடகு நகையை மீட்கவும் போகும். பற்று அடைத்ததைப் புதிய வியாபாரமாக எழுதக் கூடாது, ஏனென்றால் அந்தச் சாமான் மே மாதமே விற்றுவிட்டது. நகையை மீட்கக் கட்டிய அசல் யாருக்கும் வருமானமே இல்லை.

இன்னொன்று, சும்மா இருக்கும் கையும் கருவியும் வேண்டும். தடைக்காலத்தில்தான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். தச்சருக்கும் பெயின்டருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அந்த மே மாதத்தில் படகுப் பராமரிப்புக்கென்று கூடுதல் பணத்தை இறக்கினால் தச்சர் கூலி ஏறும், பழுது பார்த்த படகின் எண்ணிக்கை பெரிதாகக் கூடாது. ரூபாயில் வருமானம் பெருகியதுபோல் தெரிந்தாலும் அதில் பெரும்பகுதி விலையேற்றமாக இருக்கும். அதே பணம், அப்போது வேலையில்லாமல் கரையில் நிற்கும் விசைப்படகுத் தொழிலாளிக்குக் கண்மாய் வேலையாகப் போனால் வேலையும் நடக்கும், வருமானமும் உண்மையாகவே கூடும்.

கடைசியாக, பெருக்கி ஒன்றுக்கு மேல் இருந்தால் செலவு தன்னைத்தானே ஈடுகட்டிவிடும் என்ற நம்பிக்கை. கூலியாகப் போன 100 ரூபாய் 143 ஆனது. இங்கே வரியாகப் போவது வருமானத்தில் 5 சதவீதம் என்று எடுத்திருக்கிறோம், ஆக அரசுக்குத் திரும்புவது சுமார் 7 ரூபாய். வரி விகிதத்தை மூன்று மடங்காக்கி 15 சதவீதம் என்று வைத்தாலும், அந்த வரியே கசிவு என்பதால் உள்ளே தங்குவது 30 ரூபாயிலிருந்து 20 ஆகிறது, பெருக்கி 1.25-க்கு இறங்குகிறது. அரசுக்குத் திரும்புவது 19 ரூபாய்க்குள்தான். மீதி 81 ரூபாயை இன்னொரு வரியிலோ கடனிலோ எடுத்தாக வேண்டும். அந்த வரியைச் செலுத்துபவர் சென்னையில் தன் செலவைக் குறைத்தால், ராமநாதபுரத்தின் கணக்கில் அது தெரியாது. மாநிலக் கணக்கில் கழித்தே ஆக வேண்டும்.