ஆரஞ்சு வளையம் சுற்றினால் உடனே ரீசெட்டில் கை வைக்காதீர்கள்

தண்டையார்பேட்டையில் பெரியம்மா வீட்டில் ஒரு ராத்திரி கரண்ட் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. ஃபேன் ஓடியது, டிவி வந்தது. ஸ்மார்ட் ஸ்பீக்கர் மட்டும் ஆரஞ்சு வெளிச்சத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. உதவிக்கு வந்த மாடி வீட்டுப் பையன் பட்டனை அழுத்திப் பிடித்து அதை முழுசாக ரீசெட் செய்துவிட்டான். ஒரு பிரச்சினை இரண்டானது அப்போதுதான். ஸ்பீக்கர் துபாயில் இருக்கும் அண்ணனின் கணக்கில் இருந்தது, பாட்டுச் சந்தாவும் அதில்தான். திரும்பச் சேர்க்க அவன் பாஸ்வேர்டு வேண்டும், அவன் போனுக்குப் போகும் ஓடிபி வேண்டும். பெரியம்மாவுக்கு நாலு நாள் காலைப் பக்திப் பாட்டு கிடையாது.

இத்தனைக்கும் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, ரௌட்டரில்.

முதல் தவறு, நிறத்தைப் பார்க்காமல் கை வைப்பது. அமேசானின் எக்கோ டாட் வகை ஸ்பீக்கரில் நீல வளையத்துக்குள் வெளிர்நீலம் சுற்றினால் அது இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆரஞ்சு சுற்றினால் எழுந்துவிட்டது, வைஃபையைத்தான் தேடுகிறது. நீலத்திலேயே பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் கரண்ட் பக்கம் சந்தேகப்படுங்கள். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு, அதனுடன் வந்த அடாப்டரையே நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். மிக்ஸியும் மோட்டாரும் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம்.

ஆரஞ்சு என்றால் ஸ்பீக்கரை விட்டுவிட்டு ரௌட்டரிடம் போங்கள். கரண்ட் வந்த அடுத்த நிமிடமே நெட் வந்துவிடாது. ஃபைபர் பெட்டியில் PON விளக்கு சிமிட்டாமல் நிற்கும் வரை பொறுக்க வேண்டும். LOS விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் வழியாகச் சிக்னலே வரவில்லை. நம் வீட்டில் கரண்ட் வந்தாலும், தெருக்கோடியில் இருக்கும் நெட் கம்பெனியின் பெட்டிக்கு இன்னும் வராமல் இருக்கலாம். அந்த நேரத்தில் ஸ்பீக்கரை எத்தனை முறை பிடுங்கிச் செருகினாலும் பலன் இல்லை.

அடுத்தது எல்லோரும் ஏமாறும் இடம். "என் போன்ல நெட் வருதே, அப்ப வைஃபை சரிதானே?" என்பார்கள். வைஃபை அறுந்தால் போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். பெரியம்மா போனில் அப்படி அணைத்ததும் நெட் நின்றுபோனது. வைஃபை பட்டியலில் வீட்டின் பழைய பெயரே இல்லை, ரௌட்டர் அடியில் ஸ்டிக்கரில் அச்சடித்த பெயர்தான் இருந்தது. கரண்ட் போய் வந்ததில் ரௌட்டர் தன் அமைப்புகளை மறந்து, வாங்கிய நாளின் நிலைக்குப் போயிருந்தது. ரீசெட் செய்வதற்கு முன்பு ஸ்பீக்கருக்குப் பழைய பெயரும் பாஸ்வேர்டும் நன்றாக ஞாபகம் இருந்தன. இல்லாத ஒன்றைத் தேடித்தான் சுற்றியது.

இந்த நிலையில் ஸ்பீக்கரின் அமைப்பை மாற்றாதீர்கள், ரௌட்டரின் அமைப்பை மாற்றுங்கள். போனை ஸ்டிக்கரில் உள்ள வைஃபையில் சேர்த்து, பிரௌசரில் ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியைத் தட்டுங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
192.168.1.1
```

உள்ளே வைஃபை பகுதியில் SSID என்ற இடத்தில் பழைய பெயரையும், கீழே பழைய பாஸ்வேர்டையும் கொடுத்துச் சேமியுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் விட்ட இடம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஸ்பீக்கருக்கு அது வேறு வீடு. சரியாகப் போட்டால் டிவி, ஸ்மார்ட் பல்பு என்று பழைய பெயரில் இருந்த எல்லாமே தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பழைய பாஸ்வேர்டு யாருக்குமே தெரியாது என்றால்கூட முழு ரீசெட் வேண்டாம். மூன்றாம் தலைமுறை எக்கோ டாட்டிலும் அதற்குப் பிந்தியவற்றிலும், புள்ளி போட்ட ஆக்‌ஷன் பட்டனைச் சுமார் 15 விநாடி பிடித்தால் அமைக்கும் நிலைக்கு வரும். அப்புறம் அலெக்ஸா ஆப்பில், ஸ்பீக்கர் பதிவாகியுள்ள அதே கணக்கில் இருந்து, அந்த ஸ்பீக்கரின் அமைப்புகளுக்குப் போய் வைஃபையை மட்டும் மாற்றலாம். அதே பட்டனை இன்னும் சில விநாடி கூடுதலாகப் பிடித்தால்தான் முழு ரீசெட். அந்தச் சில விநாடி வித்தியாசத்தில் கணக்கிலிருந்தே கழன்றுவிடும், அதனால் விளக்கு ஆரஞ்சாக மாறியதும் விரலை எடுத்துவிடுங்கள்.

கூகுளின் நெஸ்ட் மினி ஸ்பீக்கரில் முறை வேறு: மைக் சுவிட்சை அணைத்து, மேலே நடுவில் 15 விநாடி அழுத்த வேண்டும். அங்கே அது நேராக முழு ரீசெட்தான்.

பெரியம்மா வீட்டு ரௌட்டரில் பழைய பெயரைப் போட எனக்கு அஞ்சு நிமிடம் ஆனது, டிவியும் உடனே சேர்ந்துகொண்டது. ஸ்பீக்கருக்கு மட்டும், அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு வரும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.