'பால் கெட்டுப்போகும், அதனால் இழு முறை': இந்த வரியில் என்ன தவறு?

தள்ளு, இழு விநியோக உத்திகளை ஒப்பிடும் அசைன்மென்டுகளைத் திருத்தும்போது ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: 'பால் சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள். ஆகவே பால் நிறுவனம் இழு முறையைப் பின்பற்றுகிறது.' படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மதிப்பெண் குறைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

(வகுப்பில் எல்லோரும் புஷ், புல் என்றுதான் சொல்கிறார்கள். மாடு வரும் கட்டுரையில் 'புல்' என்று எழுதினால் தீவனக் கணக்கு மாதிரி ஆகிவிடும். அதனால் நான் தள்ளு, இழு என்றே எழுதுகிறேன்.)

முதலில் ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மார்க்கெட்டிங் பாடத்திலும் இதே இரண்டு சொற்கள் உண்டு. அங்கே கடைக்காரருக்குக் கமிஷன் கொடுத்துச் சரக்கை ஏற்றுவது தள்ளு, விளம்பரம் செய்து வாடிக்கையாளரையே கேட்க வைப்பது இழு. விநியோகச் சங்கிலியில் இதற்கு வேலையில்லை. இங்கே கேள்வி ஒன்றுதான்: ஒரு வேலையைத் தொடங்கும்போது கையில் ஆர்டர் இருந்ததா, வெறும் கணிப்பு மட்டும் இருந்ததா? ஆர்டர் இருந்தால் இழு, கணிப்பு என்றால் தள்ளு. கட்டுரையில் விளம்பரம் பற்றி ஒரு பத்தி வந்துவிட்டால் அதை அப்படியே நீக்கிவிடுங்கள்.

சரி, இப்போது அந்த வாக்கியத்துக்கு வருவோம். ஒரு பொருள் கெட்டுப்போகும் என்பதால் மட்டும் அது இழு முறைக்கு வந்துவிடாது. ஆர்டர் வந்தபின் அதைச் செய்து முடிக்க நேரம் இருக்கிறதா என்பதுதான் முடிவு செய்கிறது. கெட்டுப்போகும் தன்மை, கணிப்பு தவறினால் எவ்வளவு நஷ்டம் என்பதைச் சொல்லும். நேரம் போதவில்லை என்றால், எவ்வளவு சீக்கிரம் கெட்டாலும் முன்கூட்டியே செய்துதான் ஆக வேண்டும்.

ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். கடைகள் மாலை 4 மணிக்குள் ஆர்டர் தருகின்றன. லாரி நள்ளிரவு தாண்டி 2 மணிக்குக் கிளம்புகிறது. ஆலைக்குக் கிடைப்பது 10 மணி நேரம்.

பாக்கெட் பால்: பால் ஏற்கெனவே கொழுப்பு சரிசெய்யப்பட்டு, 72 டிகிரியில் 15 விநாடி பாஸ்டரைஸ் ஆகி, குளிர்ந்த தொட்டியில் நிற்கிறது. பாக்கெட்டில் நிரப்பி, கிரேட்டில் அடுக்கி, லாரியில் ஏற்ற மூன்று நான்கு மணி நேரம் போதும். எந்த அளவு பாக்கெட் எத்தனை என்பதை ஆர்டர் வந்தபின் முடிவு செய்யலாம். ஆகவே நிரப்பும் வேலை இழு.

கெட்டித் தயிர்: பாலைச் சுமார் 90 டிகிரிக்குச் சூடாக்கி, 43 டிகிரிக்கு ஆற்றி, உறை ஊற்றி, உடனே கப்பில் நிரப்ப வேண்டும். தயிர் உறைவது கப்புக்குள்ளேயேதான். பிஎச் 4.6 அருகே இறங்க நான்கைந்து மணி நேரம் ஆகும். அதன்பின் குளிர் அறையில் இறுகுவதற்கு இன்னும் பல மணி நேரம். கூட்டிப் பார்த்தால் 10 மணி நேரத்துக்குள் முடியாது. ஆகவே நாளைக் காலைக் கடைக்குப் போகும் தயிர், கடைக்காரர் போனை எடுப்பதற்கு முன்பே கப்பில் உறைந்து நிற்கிறது. எந்தக் கப்பில் எவ்வளவு என்பது கணிப்பில் எடுத்த முடிவு. இது தள்ளு.

கலக்கிய பழத் தயிர்: இங்கே தயிர் பெரிய தொட்டியில் உறைகிறது. அப்புறம் கலக்கி, ஆற்றி, நிரப்பும் நேரத்தில்தான் பழக்கூழ் சேர்கிறது. தயிர் வரை கணிப்பு. மாம்பழமா, ஸ்ட்ராபெர்ரியா, சின்னக் கப்பா, பெரிய டப்பாவா என்பது ஆர்டரைப் பார்த்தபின். பாதி தள்ளு, பாதி இழு.

ஒரே ஆலை, ஒரே பால், மூன்று பொருள். கணிப்பு முடிந்து ஆர்டர் தொடங்கும் கோடு மூன்றிலும் மூன்று இடத்தில் விழுகிறது. இதைத்தான் பாடத்தில் டீகப்ளிங் பாயின்ட் என்கிறார்கள். 'இந்த நிறுவனம் இழு, அந்த நிறுவனம் தள்ளு' என்று முத்திரை குத்தும் கட்டுரையில் இந்தக் கோடு வரவே வராது. கோட்டை எங்கே போடுவது என்று தெரியாவிட்டால், லாரி கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் மணி நேரத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆர்டர் வரும் நேரத்தைத் தொடும் இடத்தில்தான் கோடு.

அடுத்த தவறு கொஞ்சம் ஆழமானது. கணினி, கார் உதாரணங்களைப் படித்துவிட்டு வரும் மாணவர்கள் சங்கிலியின் தொடக்கத்தில் 'தேவைக்கேற்ப மூலப்பொருள் வாங்கப்படுகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். பாலில் இது நடக்காது. மாடு ஆர்டர் பார்த்துக் கறப்பதில்லை. இன்று விற்பனை மந்தம் என்று தொழுவத்துக்குத் தகவல் அனுப்பினாலும் மடியில் பால் நிற்காது, கறந்தே ஆக வேண்டும். கன்று ஈனும் பருவத்தை ஒட்டி வரத்து ஏறும், பிறகு இறங்கும். விற்பனை அதே வேகத்தில் ஏறி இறங்கும் என்று சொல்ல முடியாது. வந்த பாலும் குளிரில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் காத்திருக்காது. ஆக இந்தச் சங்கிலியின் தலைப்பகுதி முழுக்க வரத்தால் தள்ளப்படுவது.

அதோடு, கார் ஆலையில் பல பாகங்கள் சேர்ந்து ஒரு பொருளாகின்றன. பால் ஆலையில் ஒரு பொருள் பலவாகப் பிரிகிறது. நம் ஆலைக்கு ஒரு நாள் 1,00,000 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டுக்கு 70,000, தயிர் வகைகளுக்கு 15,000 போனால் மீதி 15,000 லிட்டர். அதை வைத்திருக்க முடியாது, கொட்டவும் முடியாது. 4 சதவீதக் கொழுப்பு என்று எடுத்தால் அதிலிருந்து சுமார் 750 கிலோ வெண்ணெயும், 1,300 கிலோவுக்குச் சற்று மேல் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் வரும். இரண்டும் மாதக்கணக்கில் தாங்கும். வெண்ணெயை உறைநிலையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். யாரும் கேட்காமலேயே உற்பத்தியாகி, கேட்கும் நாளுக்காகக் கிடங்கில் காத்திருக்கும் சரக்கு இது.

இங்கே ஒரு நல்ல மாணவர் இன்னொரு அடி எடுத்து வைப்பார். வெண்ணெய்க்கு ஆர்டர் குவிகிறது, ஆர்டரின் பேரில் தயாரிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கொழுப்பில்லாப் பாலை யார் கேட்டார்கள்? ஒன்றை இழுத்தால் இன்னொன்று தானாகத் தள்ளப்படுகிறது. பால் உதாரணத்துக்கே உரிய இந்தப் புள்ளியை எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

'இழு முறையில் ஸ்டாக்கே இருக்காது' என்பது அடுத்தது. மேலே பாருங்கள். பாக்கெட் பால் இழு முறையில் நிரப்பப்படுகிறது, ஆனால் அதற்கு முன்னால் தொட்டி நிறையப் பால் நிற்கிறது. அந்தத் தொட்டி இல்லாவிட்டால் 10 மணி நேரத்தில் எதுவும் நடக்காது. கோட்டைப் பின்னுக்குத் தள்ளினால் இருப்பு மறைவதில்லை. எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் மாறுகிறது. அதில் கிடைக்கும் லாபத்தை எண்ணில் காட்டலாம், காட்டவும் வேண்டும்.

மூன்று சுவைப் பழத் தயிர். ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குச் சராசரி 2,000 கப், கணிப்புப் பிழையின் திட்ட விலக்கம் 600 கப். 95 சதவீத நாட்களில் தட்டுப்பாடு வராமலிருக்க அதை 1.65-ஆல் பெருக்கினால் ஒரு சுவைக்குச் சுமார் 1,000 கப் கூடுதலாக வேண்டும், மூன்றுக்கும் 3,000. இப்போது சுவை சேர்க்காத தயிராக மட்டும் வைத்திருந்தால்? மூன்றின் பிழையும் சேரும்போது 600-ஐ மூன்றால் பெருக்கக் கூடாது, மூன்றின் வர்க்க மூலத்தால் பெருக்க வேண்டும். அது சுமார் 1,040. அதையும் 1.65-ஆல் பெருக்கினால், 3,000 கப்பாக இருந்த பாதுகாப்பு இருப்பு 1,700 கப் அளவுக்கு இறங்குகிறது. மீந்துபோய்த் தேதி முடியும் சரக்கும் அதற்கேற்பக் குறையும்.

இந்தக் கணக்கை எழுதிவிட்டு அங்கேயே நிறுத்துவதும் தவறுதான். மூன்று சுவைகளின் விற்பனையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் ஏறி இறங்கினால்தான் 1,700 சரி. வெயில் கொளுத்தும் நாளில் மூன்றும் சேர்ந்து ஏறும், மழையில் சேர்ந்து இறங்கும். அப்போது இந்த லாபம் வெகுவாகச் சுருங்கும். தொட்டியிலிருக்கும் தயிருக்கும் ஓர் எல்லை உண்டு. பம்ப் செய்யச் செய்ய அது நீர்த்துப்போகும், வெகுநேரம் வைத்திருக்கவும் முடியாது. நிரப்பும் இயந்திரத்தில் சுவை மாற்றும்போதெல்லாம் கழுவ வேண்டும், அதற்கும் நேரம் போகும். இவற்றில் ஒன்றையாவது குறிப்பிட்டால், எண்ணை எங்கிருந்தோ எடுத்து ஒட்டவில்லை, யோசித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஆடைத் தொழிலை உதாரணமாக எடுப்பவர்களுக்கும் இதே தர்க்கம்தான். பெனட்டன் என்ற ஆடை நிறுவனம் ஸ்வெட்டரைச் சாயம் போடாமல் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று பார்த்தபின் சாயம் போட்டது. கலக்கிய தயிரில் பழம் சேர்க்கும் அதே வேலை. ஆனால் ஆடையில் நூலை வாங்காமல் இருக்கலாம், தையலைத் தள்ளிப்போடலாம். மீந்த ஸ்வெட்டர் விலையை இழக்குமே தவிர ஒரு வாரத்தில் புளிக்காது. பாலைப் பற்றி எழுதிய வாக்கியங்களில் பெயரை மட்டும் மாற்றி ஆடைக்குப் போட்ட கட்டுரைகளும் என்னிடம் வந்திருக்கின்றன. ஒன்றில் 'சட்டையின் குறுகிய ஆயுட்காலத்தைக் கருதிக் குளிர்சாதன லாரியில்' என்று இருந்தது.