வேலை இல்லை என்று சொல்லும் மின்னஞ்சல்

நேர்காணலுக்கு வந்தவரைத் தேர்வு செய்யவில்லை என்றால், முடிவை இரண்டாவது வரிக்குள் சொல்லிவிடுங்கள். நிறுவனப் பெருமையை ஒரு பத்தி எழுதிவிட்டு "ஆனால்" என்று தொடங்கினால், அதுவரை அவர் வேலை கிடைத்துவிட்டதாகவே நினைத்துப் படிப்பார். கணக்காளர் பணிக்கு வந்த ஒருவருக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம். கணக்காளர் பணிக்கான நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி. இந்தப் பணிக்கு உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். ஜிஎஸ்டி தாக்கலில் நேரடி அனுபவம் உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். செய்முறைத் தேர்வில் வங்கிக் கணக்கை நீங்கள் சரிபார்த்த விதம் தெளிவாக இருந்தது. உங்கள் முயற்சிகளுக்கு வாழ்த்துகள்."

அவ்வளவுதான். காரணம் ஒன்று போதும், அதுவும் வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். "எங்கள் குழுவுக்குப் பொருந்தமாட்டீர்கள்" என்று எழுதினால் ஆளையே குறை சொன்னதுபோல் ஆகிவிடும். விண்ணப்பம் மட்டும் அனுப்பியவருக்குக் காரணமே வேண்டாம், விண்ணப்பித்ததற்கு ஒரு நன்றியும் முடிவும் வாழ்த்தும் போதும்.

"உங்கள் விவரங்களை வைத்திருப்போம், வாய்ப்பு வந்தால் அழைப்போம்" என்பதை உண்மையிலேயே அழைக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் எழுதுங்கள். சிலர் அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அப்புறம், தேர்வானவர் சம்மதம் சொன்ன பிறகே இந்த மின்னஞ்சலை அனுப்புங்கள். அவர் மறுத்தால் அடுத்தவரைத்தானே அழைக்க வேண்டியிருக்கும்!