உட்கார்ந்து வேலை செய்ய ஏற்ற பேக்கிங் மேசை

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் மசாலாத் தூள் பேக்கிங் கூடம் நடத்துகிறேன். எங்கள் அக்கா ஒருவர் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வேலைக்குத் திரும்பினார். நின்று வேலை செய்யும் 90 செ.மீ. மேசை அவருக்கு மார்பளவுக்கு மேல் இருந்தது. அடியில் இருந்த குறுக்குச் சட்டத்தால் முட்டியும் உள்ளே போகவில்லை.

கால்தாங்கியில் பாதம் வைத்திருக்கும்போதே அளந்தோம். முட்டி 64, முழங்கை 72. மேசையை 72க்கு இறக்கினோம். 2 செ.மீ. பலகை போக முட்டிக்கு மேல் 6 செ.மீ. கிடைத்தது. குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ளிப் பொருத்தினோம். நாற்காலியின் கைப்பிடி மேசையில் இடித்ததால் முன்பகுதி குட்டையான கைப்பிடி மாற்றினோம்.

அப்புறம் பையின் வாயை ஒட்டும் சீலர். பழையதைக் காலால் மிதிக்க வேண்டும். அதற்குப் பதில் கையால் அழுத்தும் மேசை சீலர் வாங்கினோம். ஆனால் அதில் பையைப் படுக்கவைக்கும்போது தூள் வாய்ப்பக்கம் வந்து ஒட்டும் கோட்டில் சிக்கியது. ஒட்டிய பையை அழுத்தினால் தூள் கசிந்தது. சீலருக்கு முன்னால் அக்கா பக்கமாகச் சரியும் தட்டு ஒன்றைப் பொருத்தியதும் தூள் பையின் அடியிலேயே தங்கியது, கசிவு நின்றது.

5 கிலோ பைகளைத் தூக்குவது மட்டும் இன்னும் அவருக்குச் சிரமம்தான். அவற்றை வேறொருவர் ஒட்டுகிறார். எடை சரிபார்ப்பு முழுவதும் அக்காவின் பொறுப்பு.