பெயர் வாசிக்கும்போது தொகுப்பாளர்கள் செய்யும் தவறுகள்

குரல் நன்றாக இருப்பவர்கள் வரவேற்புரையை வீட்டிலேயே பத்து முறை சொல்லிப் பார்த்துவிடுவார்கள். பெயர்ப் பட்டியலை மட்டும் மேடையில்தான் முதன்முதலாகப் பார்ப்பார்கள். பள்ளி விழாவானாலும் சரி, கல்யாணமானாலும் சரி, சொதப்பல் அங்கேதான் தொடங்குகிறது.

பட்டியல் பல நேரம் ஆங்கில எழுத்தில் தட்டச்சாகி வரும். அதில் தரணியும் தாரணியும் ஒன்றுபோலவே இருக்கும். வானதி 'வனதி' ஆகிவிடுவாள். கணீர்க் குரலில் சொன்ன தவறு கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். முந்தின நாளே பட்டியலை வாங்கி, வகுப்பாசிரியரை ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்லி, உங்கள் கையாலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, பிள்ளைகளை இருக்கையில் இருந்தபடியே அழைப்பது. 80 பேருக்குப் பரிசு என்று வைத்துக்கொள்வோம். பரிசு வாங்கி, போட்டோ எடுத்து இறங்க 10 வினாடி என்றால் மொத்தம் 13 நிமிடம் சொச்சம். ஒவ்வொருவரும் எழுந்து நடந்து வர இன்னொரு 20 வினாடி ஆனால், அதுவே 40 நிமிடம்! அந்த இடைவெளியை நிரப்பத்தான் தொகுப்பாளர் வேண்டாததையெல்லாம் பேசுகிறார். பத்துப் பத்துப் பேராக மேடைப் படிக்குப் பக்கத்தில் முன்கூட்டியே நிறுத்திவிட்டால் பேச்சுக்கே வேலையில்லை.

வரிசையில் நிறுத்தினாலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பிள்ளை அன்றைக்கு வரவில்லை என்றால், நீங்கள் வாசிக்கும் பெயரும் எதிரே நிற்கும் முகமும் வேறாகிவிடும். இதற்கு நான் நம்புவது சீட்டைத்தான். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அதன் பெயர் எழுதிய சீட்டு இருக்கட்டும். படியேறியதும் அதை உங்களிடம் நீட்டும், நீங்கள் வாசிப்பீர்கள். யார் வராவிட்டாலும் பெயர் மாறாது. சான்றிதழ் எடுத்துக் கொடுப்பவரும் நீங்கள் வாசித்த பெயரைக் கேட்டே எடுக்கட்டும்.

சீட்டை வாசிக்கத் தலை குனியும்போது மைக் பழைய இடத்திலேயே நின்றுவிடும்; குரல் சரியாகப் பெயரில் போய் அமுங்கும். சீட்டை மார்பு உயரத்துக்குத் தூக்குங்கள், மைக் உதட்டிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி முகத்தோடு சேர்ந்தே திரும்பட்டும்.

கல்யாணத்தில் பெயரைவிட உறவுதான் கவனம். ஒருமுறை, கேட்காமல் கொள்ளாமல், "மணமகளின் தந்தையை மேடைக்கு அன்போடு அழைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மேடையில் அந்தப் பெண் தலை குனிந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்புறம் எந்தக் கல்யாணத்திலும் மைக்கைத் தொடும் முன், இரு வீட்டிலும் விவரம் தெரிந்த ஒருவரைத் தனியாக அழைத்துக் கேட்டுவிடுகிறேன்: "மேடைக்கு யார் யாரைக் கூப்பிடணும், யாரை எந்த உறவு சொல்லிக் கூப்பிடணும், எதைச் சொல்லக் கூடாது?"