குளிர்நாட்டில் முதல் காய்கறித் தோட்டம்: எதை எந்த மாதம் விதைப்பது?

ஆடிப்பட்டம் தேடி விதைத்துப் பழகியவர்கள், புது நாட்டில் வேறொரு நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வசந்தத்தில் உறைபனி கடைசியாக விழும் நாள் அது. அக்கம்பக்கத்தில் தோட்டம் போடுபவர்களைக் கேட்டால் உங்கள் ஊருக்கு அது ஏறத்தாழ எப்போது என்று சொல்லிவிடுவார்கள். விதைப்பு மாதங்கள் எல்லாம் அதிலிருந்துதான் கணக்கு.

கீழே உள்ள அட்டவணை, கடைசி உறைபனி மே 15 வாக்கில் முடியும் ஊருக்கானது. உங்கள் ஊரில் ஏப்ரல் 15 என்றால் ஒரு மாதம் முன்னதாகவே விதையுங்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள நாடுகளில் பருவமே ஆறு மாதம் மாறிவிடும்.

| பயிர் | விதைக்கும் மாதம் | செடி இடைவெளி | தண்ணீர் | அறுவடை |
|---|---|---|---|---|
| மிளகாய் | மார்ச் தொடக்கம், வீட்டுக்குள் | 45 செ.மீ. | மேல்மண் காய்ந்த பிறகு | ஆகஸ்ட் முதல் |
| கத்தரி | மார்ச் நடு, வீட்டுக்குள் | 60 செ.மீ. | வாரம் இருமுறை, ஆழமாக | ஆகஸ்ட் நடு முதல் |
| வெண்டை | ஏப்ரல் இறுதி, வீட்டுக்குள் | 40 செ.மீ. | குளிரில் குறைவாக, காய்க்கும்போது தாராளமாக | ஜூலை இறுதி முதல் |
| கொத்தமல்லி | ஏப்ரல் நடு, நேரடியாக | 10 செ.மீ. | மண் காயாமல் | மே இறுதி முதல் |
| பீன்ஸ் | மே இறுதி, நேரடியாக | 15 செ.மீ. | பூக்கும்போது தவறாமல் | ஜூலை இறுதி முதல் |
| தண்டுக்கீரை | ஜூன் தொடக்கம், நேரடியாக | 10 செ.மீ. | ஒருநாள் விட்டு ஒருநாள் | ஜூலை முதல் |

இதில் பலரும் ஏமாறுவது வெண்டையில்தான். மே மாதம் நல்ல வெயில் அடித்ததும் விதையை மண்ணில் போட்டுவிடுவார்கள். வெயில் இருந்தாலும் மண் இன்னும் குளிர்ந்தே இருக்கும். 18 டிகிரிக்குக் கீழே வெண்டை விதை முளைக்கத் தயங்கும், ஈரத்தில் அழுகியும் போகும். ஆகவே விதையை ஓரிரவு ஊறவைத்து, ஏப்ரல் இறுதியில் ஒரு கோப்பைக்கு இரண்டாக வீட்டுக்குள் போடுங்கள். முளைத்ததும் திடமானதை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியுங்கள், பிடுங்க வேண்டாம். வெண்டைக்கு ஆணிவேர், அசைந்தால் செடி பல நாள் அப்படியே நின்றுவிடும். ஒரே தட்டில் நெருக்கமாக விதைக்காமல் தனிக் கோப்பை வைப்பதும் அதனால்தான்.

நாற்று மெலிந்து சன்னலை நோக்கிச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். விளக்கு வெளிச்சம் கொடுங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள். மே கடைசி வாரம் நாற்றுகளை முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில் வெளியே வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டி வெயிலுக்குப் பழக்குங்கள். இரவு வெப்பம் தொடர்ந்து 12 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, வேர்மண் உதிராமல் நட்டுவிடலாம். கத்தரி, மிளகாய் நாற்றுக்கும் இதே முறை. நட்டபின் வெண்டை இலை வெளிறி வளர்ச்சி நின்றால், உரம் போடுவதற்கு முன் இரவுக் குளிரைப் பாருங்கள்; பெரும்பாலும் காரணம் அதுதான். சில இரவுகள் துணி போர்த்தினால் தேறிவிடும்.

காய்க்கத் தொடங்கியதும் இரண்டு நாளுக்கு ஒருமுறை, விரல் நீளத்திலேயே பறியுங்கள். முற்றவிட்டால் செடி புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். கோடை குறுகிய ஊரில் செப்டம்பர் குளிர் வந்ததும் வெண்டை ஓய்ந்துவிடும்.