ஃபண்ட் தரவரிசையா? பழைய பட்டியலை எடுங்கள்

மியூச்சுவல் ஃபண்ட் தரவரிசையைப் பார்ப்பதற்கு முன், அதே வகைக்கு 10 ஆண்டுகளுக்கு முன் வந்த பட்டியலைத் தேடி எடுத்து, அதிலிருந்த பெயர்களில் எத்தனை இன்றும் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

சரியாக ஓடாத ஃபண்டைப் பல நேரம் மூடிவிடுவார்கள், இல்லையென்றால் சத்தமில்லாமல் வேறொன்றோடு இணைத்துவிடுவார்கள். அதோடு அதன் மோசமான கணக்கும் பட்டியலிலிருந்து போய்விடும். ஒரு பேச்சுக்கு, 100 ஃபண்டுகளில் 40 மறைந்துவிட்டன, மிஞ்சிய 60-இன் சராசரி 10%, மறைந்தவற்றின் சராசரி 5% என்று வைத்துக்கொள்வோம். உண்மையான சராசரி 8% தான். ஆனால் பட்டியல் 10% என்று காட்டும். பெயர் மட்டும் மாறியதை மறைந்ததாக எண்ணிவிடாதீர்கள்.

அப்புறம், பழைய பட்டியலின் முதல் பத்து இடங்கள் அடுத்த ஆண்டில் எங்கே போயின என்றும் பாருங்கள். பெரும்பாலும் சிதறிக் கிடக்கும். ஓராண்டு முதலிடம் என்பது பெரும்பாலும் அந்த ஆண்டு ஏறிய துறையில் அந்த ஃபண்ட் அதிகம் பணம் வைத்திருந்தது என்பதைத்தான் காட்டும். துறை இறங்கினால் ஃபண்டும் இறங்கும். முதலிடத்தைப் பார்த்துப் பணம் போடுபவர்கள் உள்ளே வருவதே பல நேரம் அப்போதுதான்!

இண்டெக்ஸ் ஃபண்டுக்கு இந்த வேலை வேண்டாம். அங்கே செலவு விகிதமும், குறியீட்டை எவ்வளவு நெருக்கமாகத் தொடர்கிறது என்பதும் போதும். பழைய பட்டியலின் கடைசி இடங்களுக்கு அந்தச் சிதறல் அப்படியே பொருந்தாது: கட்டணம் அதிகமாக இருப்பதால் பின்தங்கும் ஃபண்ட், அடுத்த ஆண்டும் பின்தங்கவே வாய்ப்பு அதிகம்.